யார் பார்க்கவில்லை? – ஒரு பாட்டு சைகை மொழிக்குப் போன கதை

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சைகை மொழியில் பாட்டைச் சொல்வதை உங்களில் பலர் வீடியோவில் பார்த்திருப்பீங்க. 2023-ல் அமெரிக்காவில் சூப்பர் பவுல் ஆட்ட இடைவேளையில் ரிஹானா பாடியபோது, ஜஸ்டினா மைல்ஸ் என்ற இளம்பெண் அதைச் சைகை மொழியில் ஆடிக்காட்டிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அவரே காது கேளாதவர்.

அந்த மாதிரி வீடியோவைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பாட்டு ஓட ஓட உடனுக்குடனே எப்படி டாக்டர் மொழிபெயர்க்கிறாங்க?"

உடனுக்குடனே மொழிபெயர்ப்பதில்லை என்பதுதான் பதில். ஒரு மேடைப் பேச்சை அப்படிச் செய்யலாம். பேசுபவருக்கு ஓரிரு விநாடி பின்னால் மொழிபெயர்ப்பாளர் வந்துகொண்டே இருப்பார், ஒன்றும் கெட்டுப்போகாது. பாட்டில் அது நடக்காது. தாளம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்னு போயிடும். அதனால் பாட்டு முழுவதையும் முன்கூட்டியே வாங்கி, புரிந்துகொண்டு, சைகையில் மறுபடி கட்டி, மனப்பாடம் செய்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். அந்த "புரிந்துகொண்டு" என்ற இடத்தில் பாட்டெழுதியவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. கச்சேரி, ஆண்டு விழா, கோயில் விழா மெல்லிசை என்று எதையாவது நடத்துகிறவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குழந்தைகள் நல மருத்துவர். பாட்டெழுதுவது கல்லூரியில் தொற்றிய பழக்கம், இன்னும் குணமாகவில்லை. எங்க ஊரில் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நடத்தினோம். காது கேளாத குழந்தைகளின் செவித்துணைக் கருவிக்குப் பணம் திரட்டத்தான். (கருவி ஒருமுறை வாங்கினால் போதும்னு பலர் நினைக்கிறாங்க. குழந்தை வளர வளர காதும் வளரும். காதுக்குள் பொருத்துகிற அச்சை மாற்றிக்கொண்டே இருக்கணும். பேட்டரி தனிச் செலவு.) அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள், காது கேளாத பெற்றோர்கள் எல்லாரும் பார்க்க வர்றாங்கன்னு தெரிந்ததும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். பாட்டுகளில் ஒன்று நான் எழுதியது.

வரப்போகிறவர்களில் ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்கள் குழந்தை பிறந்தபோது பிரசவ அறையில் குழந்தையைக் கையில் வாங்கியது நான். என் பாட்டு பிரசவ வார்டு வாசலைப் பற்றியது. அந்த இரண்டு பேருக்கும் புரியாமல் அந்தப் பாட்டை அங்கே பாடுவதில் எனக்கு விருப்பமில்லை.

"வரிகளைத் திரையில் போட்டுடலாமே, படிச்சுக்குவாங்க" என்று குழுவில் ஒருவர் சொன்னார். நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது. பிறவியிலேயே காது கேட்காதவர்களில் பலருக்குச் சைகைதான் தாய்மொழி போல. எழுத்துத் தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சிரமப்பட்டுப் படித்த இரண்டாவது மொழி. செய்தித்தாள் தமிழே சிரமம் என்கிறபோது பாட்டுத் தமிழ் எப்படி? நமக்கே பல பாட்டுக்கு அர்த்தம் தெரியாது, ராகத்தோடு முழுங்கிடுறோம். அவர்களுக்கு முழுங்க ராகமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாட்டு இதுதான்.

பல்லவி:

விடியலே கொஞ்சம் சீக்கிரம் வா
வாசலில் ஒருவன் தூங்கவில்லை
கதவின் அந்தப்புறம் ஒரு குரல்
கேட்டதா என்றால் பதிலில்லை

முதல் சரணம்:

நாற்காலி மூன்று நாளிதழ் ஒன்று
நாலு முறையும் அதே பக்கம்
வந்தவர் போனார் போனவர் வந்தார்
பார்க்கவில்லை அந்தப் பக்கம்

இரண்டாம் சரணம்:

செவிலியின் முகத்தில் சேதி இருந்தது
சொல்வதற்குள்ளே புரிந்தது
ரெண்டே கால் கிலோ வெளிச்சம் ஒன்று
ரெண்டு கையிலும் விழுந்தது

கடைசியாகப் பல்லவி திரும்பும்போது முதல் வரியில் ஒரே ஒரு சொல் மாறும். "சீக்கிரம் வா" என்பது "மெதுவாய் வா" ஆகும். குழந்தை தூங்குது, விடியல் அவசரப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

தமிழ் தெரிந்த யாருக்கும் இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. அதனால் வரிகளை மொழிபெயர்ப்பாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது என்று தோன்றும். அவங்க வேற மாதிரி ஆள். அவங்க அப்பா அம்மா இரண்டு பேரும் காது கேளாதவர்கள். பேச்சுத் தமிழுக்கு முன்னாடியே சைகை மொழி கற்றுக்கொண்டு வளர்ந்தவர். வரிகளைப் படித்துவிட்டு போனில் கேட்ட முதல் கேள்வி:

"சார், 'பார்க்கவில்லை'ன்னு இருக்கு. யார் பார்க்கல? யாரைப் பார்க்கல?"

இந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்றேன்.

தமிழில் வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடும். வந்தேன் என்றால் நான். வந்தாய் என்றால் நீ. வந்தான் என்றால் அவன். அதனால் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்குப் பழக்கம், பாட்டில் இன்னும் அதிகம். ஆனால் 'இல்லை' சேர்த்து எதிர்மறையாக்கியதும் அந்த விகுதி காணாமல் போகும். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே 'வரவில்லை'. எழுவாயும் இல்லை, விகுதியும் இல்லை என்றால் அந்தச் சொல் யாருடையது என்பதற்கு அடையாளமே கிடையாது. கேட்பவர் சூழலை வைத்து ஊகிக்கிறார். ஊகிக்காவிட்டாலும் மெட்டு நல்லா இருந்தா கடந்து போயிடுவார்.

சைகை மொழியில் கடந்து போக முடியாது. அங்கே ஆட்களுக்கு இடம் உண்டு. கணவனை இடது பக்கம் 'வைத்தால்', அடுத்தடுத்த வரிகளில் இடது பக்கம் சுட்டினாலே அவன்தான். கதவை வலது பக்கம் வைத்தால் வலது பக்கம் பார்ப்பது கதவைப் பார்ப்பது. பார்ப்பது என்ற வினையே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கை போவதுதான். எங்கிருந்து எங்கே என்று தெரியாமல் கையைத் தூக்கவே முடியாது. 'பார்க்கவில்லை' என்ற என் ஒரு சொல்லுக்கு அவர் கேட்ட இரண்டு கேள்வியும் இலக்கிய ஆர்வம் இல்லை, கை எந்தத் திசையில் நகரணும் என்ற கேள்வி.

நான் நினைத்தது: வருகிற போகிற ஆட்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை. அவர் படித்தது: வருகிற போகிற ஆட்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டுமே அந்த வரியில் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் இரண்டுமே உண்மையும்கூட. பாடும்போது இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், சைகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். யோசித்துப் பார்த்தேன். அவர் படித்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. "அவங்க படிச்ச மாதிரியே வைச்சுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரு தாள். "வரிக்கு வரி, நீங்க உங்க நோயாளிக்குச் சொல்ற மாதிரி சாதாரணமா எழுதித் தாங்க சார். கவிதை வேண்டாம். கவிதையை நான் கையில பாத்துக்கறேன்."

அந்தத் தாளைத் தயாரிப்பதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதை எழுதக் கூடாது என்பது. சைகை மொழி இலக்கணப்படி நாமே வார்த்தைகளை மாற்றி அடுக்கித் தரக் கூடாது. இந்திய சைகை மொழிக்கென்று தனி ஒழுங்கு உண்டு. 'எங்கே', 'யார்' போன்ற கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில்தான், இது தமிழ்க்காரர்களுக்குப் பழகியது. எப்போது நடந்தது என்பது பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். கேள்வியா, சந்தேகமா, மறுப்பா என்பதில் பாதி புருவத்திலும் தலையசைப்பிலும் இருக்கிறது. இதையெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு நாம் அரைகுறையாக எழுதிக் கொடுப்பது, கூகுளில் தேடிவிட்டு வந்து எனக்கே மருந்துச் சீட்டு எழுதித் தருகிற மாதிரி. தில்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது. ஆர்வமிருந்தால் பாருங்கள். ஆனால் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் கோத்தால் வருவது பாட்டு இல்லை, சொற்பட்டியல். போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் சைகைச் சொற்கள் கொஞ்சம் மாறும்.

நாம் எழுத வேண்டியது நடந்தது என்ன என்பதை மட்டும். பல்லவிக்கு நான் கொடுத்தது இப்படி இருந்தது:

இடம், பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசல். நேரம், இரவு இரண்டு மணி. ஆள் ஒருவன், கணவன், இது அவர்களுக்கு முதல் குழந்தை. மனைவி கதவுக்கு உள்ளே. கதவு மூடியிருக்கிறது. முதல் வரி, அவன் மனசுக்குள் சொல்வது: சீக்கிரம் விடியட்டும். இரண்டாவது வரி, பாடகர் சொல்வது: அவன் இன்னும் தூங்கவில்லை. மூன்றும் நான்கும் சேர்த்து, அவன் கதவைப் பார்க்கிறான்: குழந்தை அழுததா? தெரியவில்லை.

பாருங்க, முதல் வரியைச் சொல்வது ஒரு ஆள், இரண்டாவது வரியைச் சொல்வது வேறு ஆள். தமிழில் அதைக் காட்ட ஒரு அடையாளமும் இல்லை, மேற்கோள் குறிகூட இல்லை. பாடகரின் குரல் ஒன்றுதானே. சைகையில் பேசுபவர் மாறினால் உடம்பு மாறும். தோள் லேசாகத் திரும்பும், பார்வை திரும்பும், முகம் அந்த ஆளின் முகமாகும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'இதைச் சொல்வது யார்' என்று எழுதுவதுதான் தாளில் மிகப் பயனுள்ள சொல் என்று அவர் சொன்னார். உவமை, உருவகமெல்லாம் அப்புறம்தான்.

அடுத்து வந்தது எனக்கு மிகவும் பிடித்த சிக்கல்.

ஒத்திகைக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். அவரும் காது கேளாதவர். மொழிபெயர்ப்பாளர்தான் அவரை அழைத்து வரச் சொன்னார். காது கேட்கிற இரண்டு பேர் சேர்ந்து சைகை சரியா இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது என்பது அவரது கொள்கை. நியாயமான கொள்கை. அந்த ஆசிரியர் பாட்டைப் பார்த்துவிட்டு, அதாவது கையைப் பார்த்துவிட்டு, கதையைத் திருப்பிச் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குத் தமிழில் சொல்வார். நான் என் தாளோடு ஒப்பிடுவேன். சோதனை அவ்வளவுதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள், என் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன். "என்ன நடந்துச்சு, நீங்க சொல்லுங்க" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

ஆசிரியர் பல்லவியைத் திருப்பிச் சொன்னார்: "ராத்திரி. ஒருத்தர் கதவுக்கு வெளியே நிக்கிறார். உள்ளே குழந்தை பிறந்து அழுதுட்டிருக்கு. அவருக்குத் தெரியல."

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. குழந்தை இன்னும் பிறக்கவில்லை!

நடந்தது என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர் கதவுக்கு அந்தப்புறம் குழந்தை அழுவதைக் காட்டி, பிறகு கேள்வியைக் காட்டியிருந்தார். 'ஒரு குரல் கேட்டதா?' என்ற என் வரிக்கு நேர்மையான வடிவம்தான் அது. ஆனால் தமிழில் 'குரல் கேட்டதா' என்பது குரல் இருந்ததா இல்லையா என்பதையே திறந்து விடுகிறது. சைகையில் அழுகிற குழந்தையின் முகத்தை ஒருமுறை காட்டிவிட்டால், பார்ப்பவர் அதைப் பார்த்துவிட்டார். அதற்குமேல் கேள்வி போட்டாலும் குழந்தை அங்கே இருக்கிறது. அந்த ஆளுக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்துபோகிறது. இரண்டாம் சரணத்தில் வர வேண்டிய சேதி முதல் நிமிடத்திலேயே உடைந்துவிடுகிறது.

என் தாளில் ஒரு வரி சேர்ந்தது: "இந்த இடத்தில் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. இரண்டாம் சரணம் வரை குழந்தையைக் காட்ட வேண்டாம்." மொழிபெயர்ப்பாளர் குழந்தையை எடுத்துவிட்டார். அவன் மட்டும். கதவின் பக்கம் சட்டென்று ஒரு திரும்பல், புருவம் ஏறுகிறது, காத்திருக்கிறான், ஒன்றுமில்லை, தோள் இறங்குகிறது.

அப்போது ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "காது கேக்காத அப்பாவா இருந்தா எதுக்காகக் காத்திருப்பார்?"

நான் அந்த ஜோடியின் கணவரை நினைத்துக்கொண்டேன். அந்த வார்டுக் கதவில் மேலே சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார். பொதுவாக வெளியே நிற்பவர்களுக்குக் குழந்தையின் அழுகைதான் முதல் சேதி, அதற்குப் பிறகுதான் நாங்கள் வெளியே வருவோம். அவருக்கு அந்த முதல் சேதி கிடையாது. கதவு திறந்து முதலில் தெரிகிற முகம்தான் எல்லாம். பாட்டின் இரண்டாம் சரணத்தில் 'செவிலியின் முகத்தில் சேதி இருந்தது' என்று எழுதியிருப்பதே அவரைப் பார்த்ததனால்தான்.

இதைச் சொன்னதும் ஆசிரியர் ஒரு யோசனை கொடுத்தார். பல்லவியில் அவன் காதை வைத்துக் கதவைக் கேட்பதாகக் காட்ட வேண்டாம், கதவையே பார்க்கட்டும் என்றார். காது கேட்கிற அப்பாவும் கதவைத்தான் பார்ப்பார், கேளாத அப்பாவும் கதவைத்தான் பார்ப்பார். அந்த ஒரு மாற்றத்தில் பாட்டில் நிற்பது யாராகவும் இருக்கலாம். இங்கே ஒன்று சொல்லணும். சத்தம், குரல், கொலுசு, மணி என்று பாட்டில் வந்தால் "ஐயோ, அவங்க மனசு புண்படுமோ" என்று அந்தச் சொல்லை வெட்டுகிறவர்கள் உண்டு. என் கருத்தில் அது தேவையில்லாத கூச்சம். உலகத்தில் சத்தம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? தாளில் அந்தச் சத்தத்தால் என்ன நடக்கிறது என்பதை எழுதினால் போதும். மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள் என்றால், ஓடுவதைக் காட்டிக்கொள்வார்கள்.

முதல் சரணத்துக்கு வருவோம். 'பக்கம்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இரண்டாவது வரியில் நாளிதழின் பக்கம், நான்காவது வரியில் திசை. தாளில் அந்தப் பெருமையை உடைத்து எழுத வேண்டியிருந்தது. முதல் 'பக்கம்' என்றால் பேப்பரின் ஒரு தாள், இரண்டாவது 'பக்கம்' என்றால் அவன் இருக்கிற திசை, இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல், அதுதான் விளையாட்டு, சைகையில் வராவிட்டால் விட்டுவிடலாம். இந்தக் கடைசிச் சொற்றொடர் முக்கியம். எது கதைக்குத் தேவை, எது வெறும் அலங்காரம் என்று எழுதியவர்தான் சொல்ல முடியும். சொல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அலங்காரத்தைக் காப்பாற்றப் பாடுபட்டுக் கதையைத் தவற விடலாம்.

ஆனால் ஆசிரியர் விடவில்லை. பேப்பர் பக்கத்தைப் புரட்டுகிற கையைக் காட்டினார். விரிந்த உள்ளங்கை, கீல் மாதிரித் திரும்புகிறது. திரும்பத் திரும்ப அதே பக்கம். பிறகு அதே கை, அதே திருப்பம், கொஞ்சம் பெரிதாக, மெதுவாக. இப்போது அது கதவு. திறக்குமா என்று பார்த்தால் மறுபடி பேப்பர் பக்கமாகி விழுகிறது. என் சிலேடை போயிற்று, அதைவிட நல்ல சிலேடை ஒன்று வந்தது. என் வரியில் இல்லாத கதவு அந்த இடத்தில் வந்து நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தச் சரணத்தில் எண்களும் இருக்கின்றன. 'நாலு முறை' என்றால் சரியாக நாலா? நாம் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறபோது ஆளை எண்ணுவதில்லை. இங்கேயும் பல முறை என்றுதான் பொருள். ஆனால் 'நாற்காலி மூன்று' என்பது மூன்றேதான். தாளில் இரண்டையும் எழுதினேன். அப்படியும் ஆசிரியர் திருப்பிச் சொன்னபோது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்! மூன்று நாற்காலி என்று காட்டியதும் அதில் ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டார். "நாற்காலிகள் காலி. அவன் உட்காரவில்லை, நிற்கிறான்" என்று சேர்த்தோம். என் பாட்டில் அவன் நிற்கிறானா உட்கார்ந்திருக்கிறானா என்பதை அந்த நிமிடம்தான் நானே முடிவு செய்தேன்.

இரண்டாம் சரணத்தில் ஒரே ஒரு ஆபத்து. 'ரெண்டே கால் கிலோ வெளிச்சம் ரெண்டு கையிலும் விழுந்தது.' வெளிச்சம் விழும், தமிழில் அழகாக விழும். ஆனால் வெளிச்சம் என்றால் குழந்தை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, 'விழுந்தது' என்பதை அப்படியே விட்டால், நர்ஸ் குழந்தையைக் கீழே போட்ட மாதிரி ஆயிடும். குழந்தை மருத்துவர் எழுதிய பாட்டில் இது நடக்கலாமா? தாளில்: "செவிலியர் குழந்தையை அவன் கையில் பத்திரமாக வைக்கிறார். எடை 2.25 கிலோ. சின்னக் குழந்தை, ஆனால் நலமாக இருக்கிறது. அவன் முகத்தில் வெளிச்சம்." இதை வைத்து அவர் கட்டியது, குழந்தையை ஏந்திய இரண்டு கையிலிருந்து வெளிச்சம் மேலே எழுந்து அவன் முகத்தில் படுவது போல. என் வரியில் வெளிச்சம் கீழே வந்தது, அவர் கையில் மேலே போனது.

இதெல்லாம் பொருள் பற்றியது. இன்னொரு தாள் பாட்டின் வரைபடம். இது எழுதியவரும் இசைக்குழுவும் சேர்ந்து தர வேண்டியது, எளிமையானது, ஆனால் இது இல்லாவிட்டால் மேடையில் மொழிபெயர்ப்பாளர் நடுக்காட்டில் விட்ட மாதிரிதான்.

எங்க பாட்டுக்கு: முன்னிசை 20 விநாடி. பல்லவி இரண்டு முறை. இடையிசை 25 விநாடி, புல்லாங்குழல் மட்டும். முதல் சரணம், மூன்றாவது நான்காவது வரிகள் இரண்டு முறை. பல்லவி ஒரு முறை. இடையிசை 15 விநாடி, தாளம் கூடுகிறது. இரண்டாம் சரணம் ஒரே முறை, திரும்பக் கிடையாது. ஒரு முழு அமைதி. பிறகு பல்லவி, 'மெதுவாய்' என்ற சொல்லோடு, மெதுவான நடையில்.

திரும்ப வருகிற வரிதான் இங்கே கவனிக்க வேண்டியது. நமக்குப் பல்லவி திரும்பும்போது மெட்டு தருகிற சுகமே போதும். கண்ணால் பார்ப்பவருக்கு அதே கையசைவை நாலாவது முறை காட்டினால் கதை நின்றுபோன மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு முறைக்கும் என்ன மாறுகிறது என்று எழுதினேன். முதல் முறை, இரண்டு மணி, பதற்றம். அடுத்த முறை, சோர்வு. சரணத்துக்குப் பிறகு, பயம். கடைசியில் குழந்தை கையில், அவன் விடியலைக் கெஞ்சுகிறான், சத்தம் போடாதே என்கிற மாதிரி. அந்த ஒரு சொல் மாற்றத்தைத் தாளில் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தேன். பாடகர் பழக்க தோஷத்தில் 'சீக்கிரம்' என்று பாடிவிட்டால் மேடையில் குரலும் கையும் வேறு வேறு கதை சொல்லும் என்பதால் பாடகருக்கும் ஒரு பிரதி.

இந்த இரண்டு தாளும், இறுதி வேகத்தில் பதிவு செய்த ஒத்திகை ஒலிப்பதிவும் இரண்டு வாரம் முன்னாடியே அவர் கைக்குப் போயின. அதற்குப் பிறகு வேகத்தை மாற்றக் கூடாது, சுருதியை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கீபோர்டு வாசிக்கும் மயக்கவியல் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொன்னோம். இன்னொரு ஒப்பந்தம் 'ஒன்ஸ் மோர்' பற்றி. நம்ம ஊரில் யாராவது கத்தினால் பாடகர் பல்லவியை மறுபடி பிடித்துவிடுவார். பிடிக்கலாம், ஆனால் பிடிக்கும் முன்னால் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்து ஒரு விரல் காட்டணும்.

மேடை ஏற்பாடு சுருக்கமாக: மொழிபெயர்ப்பாளர் பாடகரின் பக்கத்தில், ஒரு சின்னப் பலகை மேல். அவர் மேல் எப்போதும் வெள்ளை வெளிச்சம். மற்ற விளக்கை அணைத்தாலும் அதை அணைக்கக் கூடாது, புகை விடக் கூடாது. உடை அவர் நிறத்துக்கு மாறான ஒரே நிறம், வளையல் இல்லாமல். கேளாதோர் இருக்கைகள் அந்தப் பக்கத்தின் முன்வரிசையில். பூச்சாடியை எடுத்துவிடுங்கள். பொன்னாடை போர்த்த வருகிறவர்கள் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பட்டியலிலேயே கடினம். அதிர்வை உணரட்டும் என்று சிலர் கையில் பலூன் கொடுப்பார்கள், தாழ்ந்த சுருதிகளின் அதிர்வு நன்றாகவே தெரியும். நாங்களும் கொடுத்தோம். ஆனால் அவர்களுக்காக ஒலியைக் கூட்டாதீர்கள். கருவி அணிந்த பிள்ளைகளின் மிச்சக் கேள்திறனை அது கெடுக்கும்.

நிகழ்ச்சி அன்று பாட்டு நன்றாகவே போயிற்று. 'மெதுவாய்' சரியாக வந்தது. முடிந்ததும் முன்வரிசையில் கைகள் மேலே எழுந்து விரல்கள் ஆடின, அதுதான் அவர்களின் கைத்தட்டல்.

அந்த ஜோடி மேடைக்குப் பின்னால் வந்தார்கள், இடுப்பில் குழந்தையோடு. கணவர் மொழிபெயர்ப்பாளரிடம் வேகமாக ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்தால் பாராட்டு மாதிரி இல்லை, புகார் மாதிரி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"சார், பாட்டு தன்னைப் பத்தினதுன்னு அவருக்குப் புரிஞ்சிருச்சாம். ஆனா எடை தப்பாம். அவங்க பொண்ணு மூணு கிலோவாம். ஏன் குறைச்சீங்கன்னு கேக்கிறார்."

மெட்டுக்கு 'ரெண்டே கால்'தான் உட்கார்ந்தது என்று சொன்னேன். அதை அவர் எப்படிச் சைகையில் சொன்னார் என்று தெரியவில்லை, கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. செல்போனைத் திறந்து, டிஸ்சார்ஜ் சீட்டின் போட்டோவை எடுத்து, பிறந்த எடை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். கீழே என் கையெழுத்து இருந்தது.

(தாளின் மாதிரி வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். இந்த இழைக்கு அந்த ஜோடி, மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் எல்லாரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். மூன்று கிலோ என்பதைக் கட்டாயம் எழுதணும் என்பது கணவரின் நிபந்தனை.)